காலையில் 165, சரி, படுக்கும்போது எவ்வளவு? டாக்டரிடம் காட்டுவதற்கான சர்க்கரை டைரி

என் பெரியம்மா எதிலும் ஒழுங்கானவர். தினமும் காலையில் எழுந்ததும் விரலில் குத்தி சுகர் பார்த்து, ஒரு சின்ன நோட்டில் குறித்துவிடுவார். மூன்று மாதத்துக்கு 90 எண்கள். 158, 166, 171, 162 என்று எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. டாக்டர் அந்தப் பக்கங்களைப் புரட்டுவார், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி அறிக்கையைப் பார்ப்பார், "காலைல இன்னும் இறங்கலையே" என்பார். இரவு போடும் நீண்டநேர இன்சுலினில் 6 யூனிட் கூடும். 26 யூனிட் 32 ஆனது, அடுத்த முறை 38 ஆனது. காலை எண் மட்டும் அசையவில்லை. எச்பிஏ1சி 8.3-இலிருந்து 8.2-க்கு வந்தது, எடை இரண்டு கிலோ ஏறியது, அவ்வளவுதான்.

டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கிடைத்தது ஒரே நேரத்தின் எண், 90 முறை. அந்த நேரத்துக்குப் பொறுப்பான மருந்து இரவு இன்சுலின். அதைத்தான் கூட்டினார். 90 ஸ்ட்ரிப் செலவழித்தும் அவருக்குத் தேவையான ஒரு தகவல் நோட்டில் இல்லை: படுக்கப் போகும்போது எவ்வளவு இருந்தது?

இரவில் நீண்டநேர இன்சுலின் போடுகிறவர்களையும், அவர்களுக்காக நோட்டு எழுதுகிற வீட்டாரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கும் முறை இதுதான், பார்க்க வேண்டிய நேரம் மட்டும் மாறும். கர்ப்பகாலத்தில் இலக்கு எண்களே வேறு என்பதால் அவர்கள் தங்கள் டாக்டர் சொல்லும் அட்டவணையைத்தான் பின்பற்ற வேண்டும். இங்கே வரும் எண்கள் எல்லாம் மீட்டரில் mg/dL என்று தெரிபவை. உங்கள் மீட்டர் mmol/L காட்டினால், அதை 18-ஆல் பெருக்கினால் இந்தக் கணக்குக்கு வந்துவிடும்.

ஒரே 165, மூன்று கதைகள்

காலை வெறும் வயிற்று எண்ணில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. இரவு எந்த உயரத்தில் படுக்கப் போனோம் என்பது ஒன்று. தூங்கும்போது சர்க்கரை ஏறியதா, இறங்கியதா, நின்றதா என்பது இன்னொன்று. காலையில் மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது.

மூன்று பேருக்கு காலையில் 165 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் 110-இல் படுத்து 165-இல் எழுந்தார். இரவில் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது, விடியற்காலையில் சில ஹார்மோன்கள் அதற்குத் துணை போகின்றன, இரவு இன்சுலின் அதைப் பிடித்து நிறுத்தப் போதவில்லை. இவருக்கு அதைக் கூட்டுவது சரியாக இருக்கலாம். இரண்டாம் ஆள் 160-இல் படுத்து 165-இல் எழுந்தார். இரவு இன்சுலின் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஏற்கெனவே இருந்த உயரத்தை அப்படியே காலைவரை கொண்டுவந்திருக்கிறது. மூன்றாம் ஆள் 250-இல் படுத்து 165-இல் எழுந்தார். இவருடைய இரவு இன்சுலின் தூக்கத்தில் 85 புள்ளி இறக்குகிறது. அதற்கு மேலும் கூட்டினால், ஒருநாள் இரவு குறைவாகச் சாப்பிட்டு 150-இல் படுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

நீண்டநேர இன்சுலினின் வேலை சமதளமாகப் பிடித்து வைப்பது. சாப்பாட்டால் ஏறியதை இறக்குவது அதன் வேலை இல்லை. அளவு பொருந்தியிருந்தால் படுக்கும்போது உள்ள எண்ணுக்கும் காலை எண்ணுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்காது. 30 புள்ளி அளவுக்கு ஏறுவதோ இறங்குவதோ சகஜம். இரவுக்கு இரவு 50-க்கு மேல் இறங்கிக்கொண்டே இருந்தால், அளவு கூடிவிட்டதோ என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். அதோடு அவர்கள் சேர்த்துப் பார்க்கும் இன்னொரு கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை யூனிட் என்பது. அது 0.5-ஐத் தாண்டியும் எச்பிஏ1சி இறங்கவில்லை என்றால், சிக்கல் வேறு நேரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். பெரியம்மாவின் எடை 68 கிலோ, போடுவது 38 யூனிட். கிலோவுக்கு 0.56.

முதலில் கேள்வி, அப்புறம் ஸ்ட்ரிப்

டைரி என்றதும் பலர் புதிதாக ஒரு நோட்டு வாங்கி, ஒரு நாளைக்கு ஏழு முறை பார்க்கக் கட்டம் போட்டு, நான்காவது நாளே விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு வேண்டாம். டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு கேள்வியை எழுதுங்கள். எங்கள் கேள்வி: "காலை எண் இறங்காததற்குக் காரணம் இரவா, இரவுச் சாப்பாடா?" அந்தக் கேள்விக்கு எந்த நேர எண்கள் பதில் சொல்லும் என்று பார்த்து, அந்த நேரங்களில் மட்டும் குத்தினால் போதும்.

எண்களை ஜோடியாகப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. படுக்கும்போது ஒன்று, எழுந்ததும் ஒன்று. தனி எண் ஒரு புகைப்படம் மாதிரி; ஆள் ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று படத்தில் தெரியாது. எங்கள் கேள்விக்கு மூன்று எண்கள் போதுமானதாக இருந்தன: இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும்போது, மறுநாள் காலை. ஐந்து இரவுகளுக்கு 15 ஸ்ட்ரிப். அதிகாலை 3 மணிக்கு ஓரிரு நாள் பார்ப்பது நல்லது. பெரியம்மா "தூக்கத்தைக் கெடுத்துட்டு எதுக்கு" என்று மறுத்துவிட்டார். ஆனால் ஒருநாள் அவரை எழுப்ப யாரும் தேவைப்படவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்து இரவுகளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே மாதிரி நாளாக மட்டும் பொறுக்காமல், விடுமுறை நாள், தாமதமாகச் சாப்பிட்ட நாள் என்று ஒன்றாவது உள்ளே இருக்கட்டும். இன்னொரு விஷயம், இந்த வாரத்தில் "நல்ல பிள்ளை" ஆகிவிடாதீர்கள். டைரிக்காகச் சாப்பாட்டைக் குறைத்தால் டாக்டர் உங்கள் வீட்டில் இல்லாத ஒரு ஆளுக்கு மருந்து எழுதுவார். மருந்தின் அளவையும் நீங்களாக மாற்றாமல் அப்படியே வையுங்கள்.

இதற்கு ஒரே விலக்கு, சர்க்கரை இறங்கிப்போவது. 70-க்குக் கீழே போனால் டைரியை மறந்துவிட்டு உடனே 15 கிராம் குளுக்கோஸ் எடுங்கள்; ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை கிட்டத்தட்ட அந்த அளவு. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் திரும்ப எடுங்கள். நோட்டில் பிறகு எழுதிக்கொள்ளலாம். 54-க்குக் கீழே போனாலோ, வேறொருவர் உதவி தேவைப்பட்டாலோ சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறுபக்கம், எண் 300 பக்கம் நிற்கிறது, கூடவே வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது இருக்கிறது என்றால் அது டைரியில் எழுதும் விஷயமே இல்லை, அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய விஷயம்.

எண்ணை நம்பலாமா

ஒரு எண்ணை எழுதுவதற்கு முன் அது உண்மையான எண்ணா என்று பார்க்க வேண்டும். அதிகம் ஏமாற்றுவது விரல். பழம் உரித்த கையோடு, துடைக்காமல் குத்தினால் தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை ரத்தத்துளியில் கலந்து எண்ணை வெகுவாக ஏற்றிக் காட்டும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு குத்துங்கள். ஈரம் இருந்தால் துளி நீர்த்துப்போகும். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்ததும் மூடிவிட வேண்டும், வெயிலும் ஈரக்காற்றும் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். காலாவதித் தேதியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்ட பின் 2 மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து. கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணினால் எண் வேறாக வரும். மீட்டரின் கடிகாரத்தையும் சரிபாருங்கள். பேட்டரி மாற்றியபின் நேரம் தவறாகவே ஓடிக்கொண்டிருக்கும் மீட்டர்கள் நிறைய உண்டு. டாக்டர் அதன் நினைவகத்தைத் திறந்து பார்த்தால் உங்கள் இரவு அவருக்குப் பகலாகத் தெரியும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் மீட்டருக்கு ஓர் எல்லை உண்டு. வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம், 100-க்கு மேலே உள்ள அளவுகளில் பெரும்பாலான முடிவுகள் ஆய்வகக் கணக்கிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. அதாவது ஆய்வகத்தில் 160 என்றால் மீட்டர் 136 காட்டினாலும் 184 காட்டினாலும் அது பழுதில்லை. அதனால்தான் ஒரு இரவை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. 160, 168 இரண்டுக்கும் இடையே கதை எதுவும் இல்லை. நான்கு இரவும் 80-க்கு மேல் இறங்குகிறது என்றால் அது கதை.

எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது

நீளமாக எழுதாதீர்கள். ஒரு வரிக்குள் நான்கு விஷயம் போதும்: மணி, எண், உண்மையில் போட்ட மருந்து, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது.

"உண்மையில் போட்ட" என்பதை அழுத்திச் சொல்கிறேன். சீட்டில் 38 யூனிட் என்று இருக்கும், வீட்டில் சில இரவு மறந்துபோகும், சில இரவு பயத்தில் 30 போடுவார்கள். அதை மறைத்தால் டாக்டர், 38 போட்டும் கேட்கவில்லை என்று நினைத்து அதன்மேல் கூட்டுவார். நோட்டில் எழுதக் கூச்சமாக இருந்தால் நட்சத்திரக்குறி போட்டுவிட்டு நேரில் சொல்லுங்கள்.

சாப்பாட்டை எழுதும்போது பட்டியல் போட வேண்டாம். மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் சேதி. அதற்குக் கிராம் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. "வழக்கமான அளவு", "பாதி", "ஒன்றரை மடங்கு" என்று உங்கள் அளவிலேயே எழுதினால் போதும், ஐந்து நாளும் அதே அளவுகோலாக இருக்க வேண்டும், அவ்வளவே. காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை அல்லது ஊசி, நீண்ட நடை, தூக்கம் கெட்ட இரவு இவற்றில் ஏதாவது இருந்தால் ஒரு சொல். உடம்பில் ஏதாவது தோன்றினால், எண் பார்ப்பதற்கு முன்பே அதை எழுதுங்கள். எண்ணைப் பார்த்தபிறகு எழுதினால் நினைவு எண்ணுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும்.

பெரியம்மாவின் ஐந்து இரவுகள்

அவர் இரவு எட்டரைக்குச் சாப்பிடுவார், பத்தரைக்கு கிளார்ஜின் என்ற அந்த நீண்டநேர இன்சுலினை 38 யூனிட் போட்டுப் படுப்பார். காலையிலும் இரவிலும் மெட்ஃபார்மின் 1000 மி.கி. வேறு சர்க்கரை மருந்து இல்லை.

| இரவு | சாப்பாட்டுக்கு முன் | படுக்கும்போது | மறுநாள் காலை | குறிப்பு |
|---|---|---|---|---|
| 1 | 138 | 246 | 161 | வழக்கமான அளவு |
| 2 | 144 | 259 | 168 | வழக்கமான அளவு |
| 3 | 129 | 158 | 98 | பாதி அளவு. 3 மணிக்கு வியர்வை, 66. குளுக்கோஸ் எடுத்தது |
| 4 | 151 | 263 | 172 | வழக்கமான அளவு |
| 5 | 140 | 238 | 157 | வழக்கமான அளவு |

இனி கழித்தல் கணக்கு. முதலில் சாப்பாடு: 138-இலிருந்து 246, அதாவது 108 புள்ளி ஏற்றம். வழக்கமாகச் சாப்பிட்ட மற்ற மூன்று இரவுகளில் 115, 112, 98. பாதி அளவு சாப்பிட்ட இரவில் 29 மட்டும். சாப்பாட்டுக்குப் பின் 180-க்குள் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலோருக்குச் சொல்லப்படும் இலக்கு. இவர் வழக்கமாகச் சாப்பிட்ட எந்த இரவும் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

அடுத்து தூக்கம்: 246-இலிருந்து 161, இறக்கம் 85. பிறகு 91, 91, 81. நான்கின் சராசரி 87. மூன்றாவது இரவை இதில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அன்றைய 98 குளுக்கோஸ் எடுத்தபின் வந்த எண். அதை எழுதாமல் விட்டிருந்தால் 98 பார்க்க எவ்வளவு அழகான காலை எண்! அந்த மாதத்திலேயே சிறந்த எண் என்று நாங்கள் சந்தோஷப்பட்டிருப்போம். உண்மையில் அதுதான் இருந்ததிலேயே ஆபத்தான இரவு. 158-இலிருந்து அதிகாலை 3-க்குள் 92 புள்ளி இறங்கி, வியர்த்து விழித்திருக்கிறார். பெரியம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஏதோ கெட்ட கனவுன்னு நெனச்சேன், அப்புறம் நீ சொன்னியேன்னு குத்திப் பார்த்தேன்" என்றார். இதற்கு முன் எத்தனை கெட்ட கனவுகள் வந்தன என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "மாசத்துக்கு ரெண்டு மூணு" என்றார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டு 2 மணி நேரத்தில் படுத்தால், அப்போது எண் சாப்பாட்டின் உச்சத்தில் இருக்கலாம். அதன் பிறகு வரும் இறக்கத்தில் ஒரு பங்கு தானாகவே நடந்திருக்கும். எல்லாவற்றையும் இரவு இன்சுலின் கணக்கில் எழுத முடியாது. அதனால்தான் தாளில் சாப்பிட்ட மணியும் இருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் 3 மணிக்கு வந்த 66 அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது.

சர்க்கரையைத் தொடர்ந்து பதிவு செய்யும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொள்பவர்களுக்கு இந்த வேலை பாதி குறைவு, 14 நாள் அறிக்கையில் இரவு வளைவு தானாக வரும். 14 நாளில் குறைந்தது 70 சதவீத நேரமாவது சென்சார் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு தொல்லை உண்டு: சென்சார் உள்ள கையின்மேல் அழுத்திப் படுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கியதுபோலப் பொய்யாகக் காட்டும். இரவில் செங்குத்தாக விழுந்து, புரண்டு படுத்ததும் செங்குத்தாக ஏறும் பள்ளத்தைக் கண்டால் விரலில் குத்தி உறுதி செய்துகொள்ளுங்கள்.

டாக்டர் கையில் ஒரே தாள்

நோட்டைக் கொண்டுபோங்கள், ஆனால் நீட்டாதீர்கள். கொடுக்க வேண்டியது ஒரே ஒரு தாள். ஒரு சந்திப்பில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். 90 எண்களைப் படிப்பதிலேயே அது போய்விடும். தாளின் மேல்பகுதியில் மூன்று வரி, அதன் கீழே, முன்பு பார்த்த ஐந்து இரவு அட்டவணை. நாங்கள் எழுதிய மூன்று வரிகள் இவை:

"வழக்கமாகச் சாப்பிட்ட 4 இரவுகளிலும் சாப்பாட்டுக்குப் பின் சுமார் 100 முதல் 115 ஏறுகிறது. அதே 4 இரவுகளில் தூக்கத்தில் 81 முதல் 91 இறங்குகிறது. பாதி சாப்பிட்ட ஓர் இரவில் 3 மணிக்கு 66. வியர்வையோடு விழிப்பது மாதம் இரண்டு மூன்று முறை உண்டு."

இதில் எத்தனை இரவில் எத்தனை இரவு என்பது இருக்கிறது, எவ்வளவு என்பது இருக்கிறது, எந்த நேரம் என்பது இருக்கிறது. "ராத்திரி கொஞ்சம் அதிகமா இருக்கு டாக்டர்" என்பதில் இந்த மூன்றும் இல்லை. முடிவையும் நாம் எழுதவில்லை. "இன்சுலினைக் குறையுங்கள்" என்று எழுதினால் பேச்சு அங்கேயே வழக்காகிவிடும். அடியில் கேள்வியாக ஒரு வரி எழுதினோம்: "காலை எண் உயரக் காரணம் இரவு இன்சுலின் போதாமையா, இரவுச் சாப்பாட்டின் ஏற்றமா?"

தாளைக் கடைசியில் கொடுக்கக் கூடாது. மருந்துச்சீட்டு எழுதி முடித்தபின் நீட்டினால் அது கோப்புக்குள் போய்விடும். உட்கார்ந்ததும், அவர் ஆய்வக அறிக்கையைத் திறப்பதற்கு முன்பே கொடுங்கள். பெரியம்மா உட்கார்ந்த கையோடு, "டாக்டர், ராத்திரி வியர்த்து எந்திரிச்சேன், 66 இருந்தது. இதுல எழுதியிருக்கு" என்று கொடுத்தார். அவர் தாளைப் பார்த்தார், பழைய சீட்டுகளைப் பார்த்தார், 38-ஐ 68-ஆல் வகுத்தார். "இந்த ஊசி ராத்திரி சாப்பாட்டோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கும்மா. அது அதோட வேலையே இல்லை" என்றார்.

மாற்றம் இப்படி வந்தது. கிளார்ஜின் 38-இலிருந்து 34. இரவுச் சாப்பாட்டுக்கு முன் விரைவாக வேலை செய்யும் இன்சுலின் 4 யூனிட். இரவுச் சாப்பாட்டில் மாவுச்சத்து கால் பங்கு குறைப்பு. வேறொருவருக்கு இதே அட்டவணை இருந்தாலும் சிறுநீரகம், எடை, வயது, மற்ற மருந்துகளைப் பார்த்து டாக்டர் வேறு வழியை எடுக்கலாம். வாரம் ஒருமுறை போடும் ஊசியைக்கூடப் பரிந்துரைக்கலாம். ஆகவே இந்த எண்களை யாரும் தங்கள் மேல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒழுங்காகப் பார்த்து எழுதிய எண்கள் உண்மையில் சிகிச்சையை மாற்றுகின்றனவா என்று அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில் இன்சுலின் போடாத இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள் 483 பேர். ஒரு பிரிவினர் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் மூன்று நாள், நாளுக்கு ஏழு முறை பார்த்து ஒரே தாளில் குறித்துக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய டாக்டர்களுக்கும் தாளைப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதல் மாதச் சந்திப்பில் இவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சிகிச்சை மாறியது, மற்ற பிரிவில் சுமார் 28 சதவீதத்தினருக்குத்தான் மாறியது.

எழுந்து வருவதற்கு முன் கேட்க வேண்டியவை

புதுச் சீட்டு கைக்கு வந்ததும் எழுந்துவிடாதீர்கள். இது வேலை செய்கிறது என்று எந்த நேரத்து எண் சொல்லும், எத்தனை நாளில்? எந்த எண்ணுக்குக் கீழே போனால் உடனே அழைக்க வேண்டும், யாரை? இரவு சாப்பிடாமல் படுத்தால் எந்த ஊசி போட வேண்டும், எதைப் போடக் கூடாது? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சாப்பாட்டு ஊசி போடுபவர்களுக்கு அதைவிட அவசரமான கேள்வி கிடையாது. எங்களுக்குக் கிடைத்த பதில்: சாப்பாடு இல்லை என்றால் 4 யூனிட்டும் இல்லை, கிளார்ஜின் உண்டு. காலையிலோ 3 மணிக்கோ 80-க்குக் கீழே வந்தால் மறுநாளே தொலைபேசியில் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து மூன்று இரவுகள் மட்டும் அதே ஜோடியைப் பார்த்து அனுப்ப வேண்டும்.

பதில்களை அங்கேயே, அதே தாளின் பின்புறம் எழுதி டாக்டரிடம் ஒருமுறை படித்துக் காட்டினோம். ஒரு இடத்தில் நான் தவறாக எழுதியிருந்தேன், அவர் திருத்தினார்.

எச்பிஏ1சி-யை இரண்டு வாரத்தில் பார்ப்பதில் பயனில்லை. அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கு, பழைய நாட்கள் இன்னும் அதற்குள் உட்கார்ந்திருக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது டைரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 7 சதவீதம் என்பது சராசரி 154-க்குச் சமம், 8 என்பது 183, 9 என்பது 212. உங்கள் நோட்டின் சராசரி 130, எச்பிஏ1சி 9 என்று வந்தால் சர்க்கரை ஏறும் நேரத்தில் நீங்கள் குத்துவதே இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். இல்லாவிட்டால் எச்பிஏ1சி-யே தப்பாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு அதை உயர்த்திக் காட்டும், அண்மையில் ரத்தம் ஏற்றியதும் கணக்கைக் குழப்பும். இரண்டும் ஒட்டாதபோது அந்த முரண்பாட்டையே ஒரு வரியாகத் தாளில் எழுதுங்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பெரியம்மா பார்த்த மூன்று இரவுகள்: படுக்கும்போது 182, 176, 190. காலையில் 124, 119, 131. இறக்கம் 58, 57, 59. இரவு இன்சுலினைக் குறைத்தபிறகு காலை எண் இறங்கியது என்பதை அவர் இன்னும் நம்பவில்லை, பக்கத்து வீட்டு அம்மாவிடம் மீட்டர் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். டாக்டர் மீட்டரைச் சந்தேகிக்கவில்லை. 58 இன்னும் அதிகம்தான் என்று சொல்லி கிளார்ஜினை 32 ஆக்கினார், அடுத்த மூன்று இரவுகளில் ஒன்றிலாவது அலாரம் வைத்து 3 மணிக்குப் பார்க்கச் சொன்னார். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். அந்த எண் 112.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இதுவரை ஒரு எண்கூட எங்களிடம் இல்லை. அடுத்த சந்திப்புக்கான தாளின் மேலே இப்போதைக்கு அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.